‘எனக்கு இந்த வேலை வேணாம், ஆனா ஒருத்தர் இருக்காங்க’: ரெக்ரூட்டரிடம் இதை எப்படிச் சொல்வது?

“பரவாயில்ல மேடம், உங்களுக்கு செட் ஆகலைன்னா வேற யாராவது இருக்காங்களா? உங்க டீம்ல, ஃப்ரெண்ட்ஸ்ல?”

ஐ.டி. துறையில் ஒரு வேலையை வேண்டாம் என்று சொன்னவர்களில் பெரும்பாலானோர் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். மறுத்துவிட்டோமே என்ற சங்கடம் மனசுல இருக்கும். எதிர்முனையில் இருப்பவருக்கு ஏதாவது உதவி செய்துவிட்டால் அந்தச் சங்கடம் குறையும்னு தோணும். சட்டென்று ஒரு பெயர் வாயில் வந்துவிடும். கூடவே ஒரு போன் நம்பரும்.

அந்தப் பத்து விநாடியில் இரண்டு பேருடைய மரியாதை பணயம் ஆகிறது. பெயர் சொல்லப்பட்டவர் ‘வேலை தேடுகிறார்’ என்ற செய்தி அவருக்கே தெரியாமல் வெளியே போகிறது. பெயர் சொன்னவர் ‘தனக்கு வேண்டாததை அடுத்தவர் தலையில் கட்டுகிறார்’ என்ற பேச்சுக்கு ஆளாகலாம். நல்ல எண்ணத்தில் செய்த காரியம் இப்படி முடியாமல் இருக்க, எதை முதலில் செய்ய வேண்டும், எதை எழுத வேண்டும், எங்கே விலகிக்கொள்ள வேண்டும் என்று ஒரு மாதிரிச் சூழலை வைத்தே பார்க்கலாம்.

சூழல் இதுதான். நீங்கள் சோழிங்கநல்லூரில் ஒரு நிறுவனத்தில் ஏழு வருட அனுபவமுள்ள ஆட்டோமேஷன் டெஸ்டர். சிறுசேரியில் உள்ள இன்னொரு நிறுவனத்துக்காக ஒரு கன்சல்டன்சியிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு ரவுண்டு இன்டர்வியூ முடிந்து, 14 லட்சம் சி.டி.சி. என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். வேலை பிடித்திருக்கிறது. ஆனால் மதியம் 2 மணி முதல் இரவு 11 மணி வரை ஷிஃப்ட். வீட்டில் இரண்டு வயசுக் குழந்தை. வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டீர்கள். அதே நேரம், உங்களோடு பழைய கம்பெனியில் மூன்று வருடம் ஒரே டீமில் இருந்த தோழி ஒருவர் நினைவுக்கு வருகிறார். அவருக்கு இந்த வேலை அப்படியே பொருந்தும்.

சரி, இப்போ என்ன பண்ணணும்?

கேட்பவர் யார் என்று முதலில் பாருங்கள்

‘எச்.ஆர். கேட்டாங்க’ என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் அழைப்பவர் மூன்று வகையில் ஒருவராக இருக்கலாம். ஆள் எடுக்கும் நிறுவனத்தின் சொந்த எச்.ஆர்., வெளியே உள்ள கன்சல்டன்சி, அல்லது உங்களை இன்டர்வியூ செய்த மேனேஜரே. யார் என்பதைப் பொறுத்து, நீங்கள் கொடுக்கும் பெயருக்கு என்ன நடக்கும் என்பது மாறும்.

கன்சல்டன்சிக்கு ஒரு ஆளைச் சேர்த்துவிட்டால்தான் பணம். சேருகிறவரின் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது இந்தத் தொழிலில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. இடத்துக்கு இடம் இது கூடும், குறையும். நம்ம உதாரணத்தில் 14 லட்சத்துக்கு அது சுமார் 1.17 லட்சம். நீங்கள் மறுத்ததும் அந்த ரெக்ரூட்டருக்குப் போவது அந்தத் தொகை. அதனால்தான் போனை வைப்பதற்குள் இன்னொரு பெயர் கேட்கிறார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அவசரம் அவருடையது, உங்களுடையது அல்ல என்பது நினைவில் இருந்தால் போதும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. ஒரு கன்சல்டன்சி ஒருவரின் ரெஸ்யூமேயை நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டால், அந்த விண்ணப்பதாரர் குறிப்பிட்ட காலத்துக்கு அந்தக் கன்சல்டன்சியின் கணக்கில் பதிவாகிவிடுவார். எத்தனை மாதம் என்பது இரு தரப்பின் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. நிறுவனத்தின் மென்பொருள் மெயில் ஐடியையும் போன் நம்பரையும் வைத்து அவரை அடையாளம் காணும். அதன் பிறகு உங்கள் தோழி அதே நிறுவனத்துக்கு நேரடியாக விண்ணப்பித்தாலோ, உள்ளே வேலை செய்யும் நண்பர் மூலம் ரெஃபரல் கொடுத்தாலோ, ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று காட்டும். உள்ளே இருக்கும் நண்பருக்குப் போக வேண்டிய ரெஃபரல் போனஸும் போகும். சில இடங்களில் ‘இது யார் கொண்டுவந்த ஆள்’ என்ற சண்டையில் விண்ணப்பமே கிடப்பில் போடப்படும்.

அதாவது, நீங்கள் உதவியாக நினைத்துக் கொடுத்த பெயர், தோழிக்கு இருந்த நல்ல வழியை அடைத்துவிடலாம். அவர் போன வாரமே வேறு வழியில் விண்ணப்பித்திருந்தால்? உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அவரிடம் கேட்டால்தான் தெரியும்.

ஆகவே ரெக்ரூட்டர் கேட்கும்போது சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான்: “யோசிச்சுப் பார்க்கறேன். யாராவது இருந்தா, அவங்ககிட்ட கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்.” கூடவே ஒரு கேள்வி: “கம்பெனி பெயரையும் வேலை விவரத்தையும் வேற ஒருத்தர்கிட்ட சொல்லலாமா?” ஏன் கேட்க வேண்டும் என்றால், சில வேலைகளுக்கு நிறுவனங்கள் வெளியே தெரியாமல் ஆள் தேடும். இப்போது அந்த இருக்கையில் இருப்பவருக்கே விஷயம் தெரியாமல் இருக்கலாம். உங்களை நம்பிச் சொன்ன செய்தி உங்கள் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தால், கெடுவது உங்கள் பெயர்தான்.

தோழியிடம் கேட்பதுதான் முதல் படி

இந்த வரிசை மாறவே கூடாது. முதலில் தோழி, பிறகு ரெக்ரூட்டர். ‘சொல்லிட்டேன், உனக்கு கால் வரும்’ என்று பின்னாடி தகவல் சொல்வது, கேட்டதாக ஆகாது.

காரணம் எளிமையானது. ஒருவர் வேலை தேடுகிறார் என்பது அவருடைய சொந்தச் செய்தி. ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனி மேனேஜரும் இன்னொரு கம்பெனி எச்.ஆரும் ஒரே காலேஜ் பேட்ச்சாக இருப்பார்கள், ஒரே அபார்ட்மென்ட்டில் குடியிருப்பார்கள். அப்ரைசல் நேரத்தில் ‘அவங்க வெளியே பார்க்கறாங்களாமே’ என்ற ஒரு வரி போதும். பிரமோஷன் பட்டியலில் பெயர் தள்ளிப்போகும், ஆன்சைட் வாய்ப்பு இன்னொருவருக்குப் போகும். யாரும் காரணம் சொல்ல மாட்டார்கள்.

எப்படிக் கேட்பது? ஆபீஸ் சாட்டில் வேண்டாம். போனில், வேலை நேரம் முடிந்த பிறகு. உரையாடல் இப்படி இருக்கலாம்:

“ஏய், ஒரு விஷயம். சிறுசேரியில ஒரு ஆட்டோமேஷன் டெஸ்டிங் வேலை. நான் ரெண்டு ரவுண்டு போயிட்டு வேணாம்னு சொல்றேன். உனக்குப் பொருந்தும்னு தோணுச்சு. இப்போ நீ பார்க்கறியா என்ன?”

“நீ ஏன்டி வேணாம்ங்கறே?”

“மதியம் ரெண்டுல இருந்து ராத்திரி பதினொண்ணு வரைக்கும் ஷிஃப்ட். பாப்பாவ வச்சிக்கிட்டு முடியாது. வேற ஒண்ணும் இல்ல. மேனேஜர் நல்லா பேசினாரு. வேலையும் நல்லா இருக்கு.”

“கேப் உண்டா?”

“ராத்திரி டிராப் உண்டுன்னு சொன்னாங்க. எழுத்துல பார்க்கல. நீ கேட்டுக்கோ.”

இந்தச் சின்னப் பேச்சில் மூன்று விஷயங்கள் சரியாக நடந்திருக்கின்றன. ஒன்று, தான் மறுத்த வேலை என்பதை மறைக்கவில்லை. மறைத்தால் இன்டர்வியூவில் யாராவது சொல்லும்போது தோழிக்குத் தெரியவரும், அப்போது கசக்கும். இரண்டு, மறுத்த காரணத்தை அப்படியே சொல்லியாயிற்று. அந்தக் காரணம் தோழிக்கும் பொருந்துமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். மூன்று, உறுதியாகத் தெரிந்ததையும் காதில் விழுந்ததையும் பிரித்துச் சொல்லியிருக்கிறார்.

இந்தக் காரணம் விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வேலையை மறுக்கும் காரணங்கள் இரண்டு வகை. ஷிஃப்ட், தூரம், குடும்பம் மாதிரி உங்களோடு மட்டும் ஒட்டியவை ஒரு வகை. கம்பெனி பேரோலில் எடுக்காமல் மூன்றாம் நிறுவனத்தின் பேரோலில் போடுகிறார்கள், இரண்டு வருஷ பாண்ட் கேட்கிறார்கள், இன்டர்வியூவிலேயே மேனேஜர் மரியாதையில்லாமல் பேசினார் என்பதெல்லாம் வேலையிலேயே உள்ள குறை. முதல் வகை என்றால் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். இரண்டாம் வகை என்றால், அதைச் சொல்லாமல் பரிந்துரைப்பது தோழிக்குச் செய்யும் துரோகம். சொல்லிவிட்டும் அவர் ‘பரவாயில்ல, நான் பார்க்கறேன்’ என்றால் அது அவர் முடிவு.

சம்பளம்? உங்களுக்குச் சொன்ன 14 லட்சத்தை அப்படியே சொல்லலாமா என்ற தயக்கம் வரும். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்திருந்தால் அதில் ரகசியம் காக்கச் சொல்லும் வரி பெரும்பாலும் இருக்கும். படித்துப் பாருங்கள். பொதுவாக, ரெக்ரூட்டர் முதல் அழைப்பிலேயே சொல்லும் ‘பட்ஜெட் 12-லிருந்து 15 வரைக்கும்’ என்ற வரம்பைச் சொன்னால் போதும். தோழி ஏமாறாமல் இருக்க அது உதவும். உங்கள் தனிப்பட்ட பேரமும் வெளியே போகாது.

கடைசியாகக் கேட்க வேண்டியவை: “இந்தக் கம்பெனிக்கு வேற வழியா ஏற்கெனவே அப்ளை பண்ணியிருக்கியா? உள்ளே உனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்களா? எந்த மெயில் ஐடி கொடுக்கட்டும்? எப்போ கூப்பிடச் சொல்லட்டும்?” உள்ளே தெரிந்தவர் இருந்தால் அவர் மூலம் போவதே நல்லதாக இருக்கலாம். அப்படியானால் நீங்கள் ரெக்ரூட்டரிடம் பெயர் சொல்லவே தேவையில்லை.

தோழி ‘வேண்டாம்’ என்றால்? ரெக்ரூட்டரிடம் “கேட்டுப் பார்த்தேன், இப்போதைக்கு யாரும் இல்லை” என்பதோடு முடித்துக்கொள்ளுங்கள். ‘ஒருத்தங்க இருக்காங்க, ஆனா அவங்க இப்ப வரமாட்டாங்களாம்’ என்று ஆரம்பித்தால் அடுத்த கேள்வி ‘யாரு மேடம்?’ என்றுதான் வரும்.

முதலில் மறுப்பு, தனியாகப் பரிந்துரை

பலரும் இரண்டையும் ஒரே மெயிலில் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள். ‘என்னால் சேர முடியாது, எனக்குப் பதிலாக இவரைப் பாருங்கள்’ என்று. படிக்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? தோழி உங்களுக்கு மாற்று ஆளாக, இரண்டாம் தேர்வாகத் தெரிவார். உங்கள் மறுப்பும் உறுதியாகத் தெரியாது. ‘இன்னும் ஒரு லட்சம் சேர்த்தா வருவாங்களோ’ என்று உங்களையே மறுபடி அழைப்பார்கள். தோழியின் ரெஸ்யூமே அதுவரை மூலையில் கிடக்கும்.

ஆகவே மறுப்பை முதலில் தனியாக முடியுங்கள். முடிவு எடுத்த அன்றே அனுப்புவது நல்லது. மெயில் இப்படி இருக்கலாம் (ஆங்கிலத்தில் எழுதினாலும் சாரம் இதுதான்):

“வணக்கம். ஆட்டோமேஷன் டெஸ்டர் பணிக்காக எனக்கு ஒதுக்கிய நேரத்துக்கு நன்றி. டீமுடன் பேசியதும் வேலையின் தன்மையும் பிடித்திருந்தன. மதியம் 2 முதல் இரவு 11 வரையிலான ஷிஃப்ட் என் குடும்பச் சூழலுக்கு ஒத்துவராது. எனவே இந்த வாய்ப்பை ஏற்க இயலவில்லை. சம்பளம் இதற்குக் காரணமல்ல. இந்த முடிவில் மாற்றம் இருக்காது என்பதால் உடனே தெரிவிக்கிறேன்.”

‘சம்பளம் காரணமல்ல’ என்ற வரி முக்கியம். அது இல்லாவிட்டால் இதைப் பேரத்தின் தொடக்கமாக எடுத்துக்கொள்வார்கள். அதேபோல் காரணத்தை ஒரு வரியில் உண்மையாகச் சொல்வது தோழிக்கும் நல்லது. காரணமே சொல்லாமல் மறுத்துவிட்டு அடுத்து இன்னொருவரை அனுப்பினால், ‘இந்த வேலையில ஏதோ பிரச்சினைனு நினைக்கிறாங்க, ஆனா ஃப்ரெண்டை அனுப்பறாங்களே’ என்ற குழப்பம் வரும்.

அவர்கள் பதில் அனுப்பிய பிறகு, அல்லது அடுத்த நாள், தனி மெயில்:

“நேற்று நீங்கள் கேட்டதன் பேரில் எழுதுகிறேன். இந்தப் பணிக்குப் பொருந்துவார் என்று நான் கருதும் ஒருவரிடம் பேசினேன். அவர் சம்மதத்துடன் பெயரைத் தருகிறேன். முன்பு வேலை செய்த நிறுவனத்தில் மூன்று ஆண்டுகள் ஒரே டீமில் இருந்தோம். ஒரு வங்கிச் செயலிக்கு ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் கையால் செய்துவந்த ரெக்ரஷன் டெஸ்ட்டை செலினியத்துக்கு மாற்றும் வேலையை அவர்தான் முன்னின்று செய்தார். இரண்டு நாள் எடுத்த வேலை ஒரே இரவில் ஓடி முடியும் நிலைக்கு வந்தது. டெவலப்பர்களோடு பிரச்சினை வந்தால் சத்தம் போடாமல் லாகை எடுத்துவைத்துப் பேசுவார். ஏ.பி.ஐ. டெஸ்டிங்கில் அவரோடு நான் வேலை செய்ததில்லை. அதை நீங்கள் அவரிடம் பேசித் தெரிந்துகொள்ளுங்கள். ஷிஃப்ட் நேரம் அவருக்குத் தெரியும். முதலில் மெயில் அனுப்புங்கள், மாலை 7 மணிக்கு மேல் பேசலாம் என்றார். நிறுவனத்துக்கு அவர் விவரங்களை அனுப்பும் முன் அவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.”

இந்த மெயிலில் புகழ்ச்சி குறைவு. ‘ரொம்ப டேலன்ட்டட், ஹார்டுவொர்க்கிங்’ என்று எழுதினால் ரெக்ரூட்டருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. கண்ணால் பார்த்த ஒரு வேலை, அதன் விளைவு, பழகும் விதத்தில் ஒரு குணம், இவை மூன்றும் இருந்தால் அவர் அதை அப்படியே மேனேஜருக்கு அனுப்பலாம். ‘இதை நான் பார்த்ததில்லை’ என்ற வரி தோழியைக் குறைத்துக் காட்டுமோ என்று பயப்பட வேண்டாம். மற்ற வரிகளை நம்பும்படி செய்வதே அந்த வரிதான். நாளைக்கு ஏ.பி.ஐ. கேள்வியில் அவர் தடுமாறினால் ‘நீங்க சொன்னீங்களே’ என்று யாரும் உங்களைக் கேட்க முடியாது. எதிர்பார்ப்பு ஏறாததால் தோழிக்கும் நெருக்கடி குறைவு.

எழுதாமல் விட்டவையும் கவனிக்க வேண்டியவை. தோழியின் இப்போதைய சம்பளம், நோட்டீஸ் பீரியட், ஏன் மாற நினைக்கிறார், கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை இருக்கிறதா என்பது எதுவும் இல்லை. இப்போதைய சம்பளம் என்னவென்று நீங்கள் சொல்லிவிட்டால், ‘9 லட்சத்தில் இருக்கிறார், 11 கொடுத்தால் வருவார்’ என்று கணக்கு அங்கேயே முடிந்துவிடும். 14 வரை பட்ஜெட் இருக்கும் வேலையில் அவருக்கு மூன்று லட்சம் நஷ்டம் உங்கள் ஒரு வரியால். ‘என்னைவிட நல்லா பண்ணுவாங்க’, ‘என்னைவிடக் கம்மிக்கு வருவாங்க’ போன்ற ஒப்பீடும் வேண்டாம். முதலாவது உங்களைக் குறைக்கும், இரண்டாவது அவரைக் குறைக்கும்.

இன்னொன்று, வங்கியின் பெயர் மெயிலில் இல்லை. பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பெயரை எழுதுவது, ரகசியம் காக்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை மீறுவதாக ஆகலாம். ‘ஒரு வங்கிச் செயலி’ என்றாலே போதுமானது.

ஒரே ஆபீஸில் இருப்பவர் என்றால்?

நம்ம உதாரணத்தில் தோழி பழைய கம்பெனிக்காரர். அதனால் வேலை சுலபம். இப்போது பக்கத்து சீட்டில் இருப்பவரைப் பரிந்துரைக்க நினைத்தால் இன்னொரு கேள்வி சேர்ந்துகொள்கிறது.

உங்கள் அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்துப் பாருங்கள். ‘சக ஊழியர்களை வேறு நிறுவனத்துக்குச் செல்லத் தூண்டக் கூடாது’ என்ற பொருளில் ஒரு விதி இருக்க வாய்ப்பு அதிகம். இதைப் பலரும் வேலையை விட்ட பிறகு பொருந்துவதாக மட்டும் நினைக்கிறார்கள். உண்மையில் வேலையில் இருக்கும்போதுதான் இதற்குப் பலம் அதிகம். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27-ல், ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்கள் செல்லாது என்கிறது. ஆனால் வேலையில் இருக்கும் காலத்துக்கு மட்டும் பொருந்தும் கட்டுப்பாடுகளைப் பொதுவாக அந்தத் தடையாகக் கருத வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1967-ல், கோலிகாரி - செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கில் தீர்ப்பளித்தது. அதாவது, சம்பளம் வாங்கிக்கொண்டே கம்பெனி ஆட்களை வெளியே அனுப்பும் வேலையைச் செய்தால், ‘சட்டப்படி இந்த விதி செல்லாது’ என்று தப்பித்துவிட முடியாது.

ஒரு சக ஊழியரிடம் ஒரு வேலை பற்றிச் சொன்னதற்காக வழக்கு வரும் என்று பயப்பட வேண்டியதில்லை. நடைமுறையில் வருவது வேறு. டீமில் இருவர் அடுத்தடுத்து ஒரே கம்பெனிக்குப் போக முயன்றார்கள் என்று தெரிந்தால், மேனேஜர் உங்களைப் பார்க்கும் பார்வை மாறும். ஆகவே இங்கே வழியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். அவருடைய பெயரை ரெக்ரூட்டரிடம் கொடுப்பதற்குப் பதில், ரெக்ரூட்டரின் அனுமதியோடு அவரது தொடர்பை நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். “இந்த வேலை காலியாக இருக்கு, விருப்பம்னா நீயே பேசு” என்பதோடு உங்கள் பங்கு முடிந்தது. அழைப்பதும் அழைக்காததும் அவர் முடிவு. நீங்கள் யாரையும் யாருக்கும் அனுப்பவில்லை.

நீங்கள் அவருக்கு டீம் லீடாக இருந்தால் இதையும் தவிர்ப்பதே நல்லது. ‘லீடே வெளியே போகச் சொல்றாரே, என்னை விரட்டப் பார்க்கறாரா?’ என்று அவருக்குத் தோன்றினால் அந்த உறவு பழையபடி இருக்காது. எந்த வழியானாலும் ஆபீஸ் மெயில், ஆபீஸ் சாட், ஆபீஸ் லேப்டாப் மூன்றையும் இந்த விஷயத்துக்குத் தொடாதீர்கள். அவற்றில் எழுதுவதைப் பார்க்க நிறுவனத்துக்கு வழி உண்டு.

மெயில் போன பிறகு விலகிக்கொள்ளுங்கள்

அறிமுகம் முடிந்ததும் நடுவில் நிற்பதுதான் அடுத்த சிக்கல். ரெக்ரூட்டர் சில நாள் கழித்து உங்களை அழைத்து, “உங்க ஃப்ரெண்ட் 13 கேக்கறாங்க, நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்” என்பார். தோழி அழைத்து, “ரிசல்ட் என்னாச்சுனு கேட்டுச் சொல்றியா?” என்பார். இரண்டுக்கும் பதில் ஒன்றே: “நீங்க நேரா பேசிக்கோங்க. நான் நடுவுல இருந்தா சரியா வராது.”

இது ஒதுங்கிப்போவது மாதிரி தெரியலாம். ஆனால் சம்பளப் பேச்சில் நீங்கள் வாய் திறந்தால் யாராவது ஒருவர் பக்கம் நின்றதாக ஆகும். தோழி தேர்வாகவில்லை என்ற செய்தி உங்கள் வாயால் அவருக்குப் போனால், அது அவருக்கு இன்னும் சங்கடம். தோழி தானாக வந்து சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக விசாரிக்க வேண்டாம்.

காரியம் தப்பான பாதையில் போகிறது என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. ரெக்ரூட்டர் தோழியிடம் ‘உங்க ஃப்ரெண்ட் 14-க்கே வேணாம்னுட்டாங்க’ என்று உங்கள் விவரத்தைச் சொன்னால், தோழியின் விவரத்தையும் அவர் இன்னொருவரிடம் சொல்வார் என்று வைத்துக்கொள்ளலாம். சம்மதம் கேட்காமல் ரெஸ்யூமே நிறுவனத்துக்குப் போய்விட்டது என்று தெரிந்தால், தோழி அன்றே ஒரு மெயிலில் ‘என் ஒப்புதல் இல்லாமல் அனுப்பப்பட்டது’ என்று எழுதிவைப்பது நல்லது. பின்னால் அதே நிறுவனத்துக்கு வேறு வழியில் போகும்போது அது கைகொடுக்கலாம். மறுத்த பிறகும் ரெக்ரூட்டர் உங்களிடமே ‘ஷிஃப்டை மாத்தித் தர்றோம்’ என்று பேசிக்கொண்டிருந்தால், தோழியின் விண்ணப்பம் நகரவில்லை என்று அர்த்தம். அப்போது இரண்டில் ஒன்றைத் தெளிவாகச் செய்ய வேண்டும். உங்களுக்கு விருப்பம் இல்லை என்றால் மறுபடி ஒரு வரியில் முடித்துவிடுங்கள். ஷிஃப்ட் மாறினால் உங்களுக்கே சம்மதம் என்றால், அதைத் தோழியிடம் அன்றே சொல்லிவிடுங்கள். ஒரே இருக்கைக்கு இருவரும் இருப்பது அவருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

எப்போது பரிந்துரைக்கவே கூடாது?

எந்தக் கட்டத்தில் மறுக்கிறோம் என்பதும் கணக்கில் வரும். முதல் அழைப்பிலோ இன்டர்வியூ முடிந்த கையோடோ மறுத்தால் பரிந்துரைக்கு மதிப்பு உண்டு. வேலைக்கு இன்னும் ஆள் தேவை, உங்கள் மேல் வருத்தமும் இல்லை.

ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்டு, நோட்டீஸ் பீரியட் முழுக்க அவர்களைக் காத்திருக்க வைத்து, சேரும் தேதிக்கு மூன்று நாள் முன்பு மறுக்கிறீர்கள் என்று வையுங்கள். அறுபது நாள், தொண்ணூறு நாள் நோட்டீஸ் சகஜமாக உள்ள நம் ஐ.டி. நிறுவனங்களில் இது அடிக்கடி நடப்பதுதான். அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் பெயர் மேல் உங்கள் மேலுள்ள கோபமும் ஒட்டிக்கொள்ளும். மேலும் அவர்களுக்கு அப்போது உடனே சேரும் ஆள் வேண்டும். தொண்ணூறு நாள் நோட்டீஸில் இருக்கும் தோழியால் அது முடியாது. இப்படிப்பட்ட சமயத்தில் மன்னிப்பும் மறுப்பும் மட்டும் போதும். தோழிக்கு வேலைத் தகவலைத் தனியாகச் சொல்லுங்கள். அவர் தன் வழியில், உங்கள் பெயர் இல்லாமல் விண்ணப்பிக்கட்டும்.

அதேபோல், ஒருவரோடு பழக்கம் உண்டு, ஆனால் அவர் வேலையைப் பார்த்ததில்லை என்றால் அது பரிந்துரை ஆகாது. கேன்டீனில் தினமும் சேர்ந்து சாப்பிட்டவர் என்பது நட்புக்குப் போதும், மேலே உள்ள மாதிரி மெயில் எழுதப் போதாது. அந்த மெயிலில் ‘அவர் செய்த ஒரு வேலை’ என்ற இடத்தை உங்களால் நிரப்ப முடிகிறதா என்று முயன்று பாருங்கள். முடியவில்லை என்றால், ரெக்ரூட்டரின் தொடர்பை அவரிடம் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அவருடைய வேலையைப் பற்றி அவரே பேசட்டும்.